நண்பன் சறுக்கும் இடம்: பாபிலோனிய உரையாடல் கவிதை ஒன்றும் யோபுவும்

நல்லவன் ஏன் துன்பப்படுகிறான் என்று கேட்கும் பைபிளின் யோபு நூலுக்கு ஒப்பீடு தேடுபவர்கள் வழக்கமாக 'பாபிலோனியத் தியோடிசி'யில் வந்து நிற்பார்கள். தியோடிசி என்றால் தெய்வநீதி பற்றிய வாதம். கி.மு. 1000ஐ ஒட்டி அக்காத் மொழியில் எழுந்த கவிதை. 27 பத்தி, பத்திக்கு 11 வரி. துன்பப்படுபவனும் நண்பனும் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒரு பத்தியின் எல்லா வரிகளும் ஒரே அசையில் தொடங்கும். அந்த 27 அசைகளைக் கோர்த்தால் புலவனின் கையொப்பம் கிடைக்கிறது: 'நான், சக்கில்-கீனம்-உப்பிப், மந்திரச் சடங்குப் பூசாரி, தெய்வத்தையும் அரசனையும் வணங்குபவன்.' தெய்வங்கள்மேல் வழக்குப் போடும் கவிதையை இப்படி ஒருவர் எழுதியிருக்கிறார்!

துன்பப்படுபவன் கடைக்குட்டி, தாய் தகப்பனை இழந்தவன். நண்பனின் ஆறுதல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சாவு எல்லோருக்கும் உண்டு, தெய்வத்தைத் தேடு, நன்மை வரும். சரி, அப்படியானால் காட்டுக்கழுதை எந்தத் தெய்வவாக்குக்குச் செவிகொடுத்தது என்று ஐந்தாம் பத்தியில் இவன் கேட்கிறான். நல்ல இறைச்சியாகத் தின்னும் சிங்கம் தேவியின் கோபம் தணிய மாவுப் படையல் கொண்டுவந்ததா? புதுப்பணக்காரன் மாமி என்ற தேவிக்குப் பொன் நிறுத்துக் கொடுத்தானா? நண்பன் மூன்றுக்கும் வரிசையாகப் பதில் வைத்திருக்கிறான். கழுதைக்கு அம்பு, சிங்கத்துக்குக் குழி, பணக்காரனுக்கு அரசன் மூட்டும் தீ. யோபு 4இல் யோபுவின் நண்பன் எலிப்பாஸும் இதே பாணியில் சிங்கத்தை இழுக்கிறான். இரையில்லாமல் அது செத்துப்போகும் என்கிறான். யோபு 39இலோ காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டதே கடவுள்தான். விலங்குகளைக் கூலிக்கணக்கிலிருந்து கடவுளே எடுத்துவிடுகிறார்.

என் வாசிப்பில் கவிதையின் முடிச்சு 26ஆம் பத்தி. வலியவன் கொலைகாரனானாலும் ஊர் அவனைப் புகழ்கிறது என்று துன்பப்படுபவன் முந்தைய பத்தியில் முறையிட்டிருந்தான். அதற்கு நண்பன் சொல்வது: தெய்வங்களின் அரசன் நர்ரு, களிமண்ணைக் கிள்ளிய சூலும்மர், அதற்கு உருக்கொடுத்த மாமி ஆகிய மூவரும் மனிதனுக்குக் கோணல் பேச்சைக் கொடுத்தார்கள், பொய்யை என்றைக்குமாக அவனுக்குள் வைத்தார்கள். மறுக்க வந்தவன் எதிர்வாதியின் வழக்குக்குச் சாட்சி சொல்லிவிட்டான். அவனும் மனிதன்தானே, இதுவரை அவன் கொடுத்த ஆறுதல் எந்தக் கணக்கில் சேரும்? யோபுவின் நண்பர்களைத் தவறென்று தீர்க்கக் கடவுள் பேச வேண்டியிருந்தது (42:7). இங்கே நண்பன் தன் வாயாலேயே சறுக்குகிறான். இதைச் சமாதான முடிவு என்று வாசிப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

கடைசிப் பத்தியிலும் எந்தத் தெய்வமும் வாய் திறக்கவில்லை. துன்பப்படுபவனுக்கும் வென்றுவிட்டோம் என்ற நினைப்பு இல்லை. ஊர்ச் சதுக்கத்தில் சத்தமில்லாமல் நடந்தேன், தலை நிமிராமல் தரையைப் பார்த்தேன் என்கிறான். பிறகு, தன்னைத் தள்ளிவிட்ட அதே தெய்வத்திடம் உதவி கேட்கிறான்.