வோல்டேஜ் டிவைடர்: 5% ரெசிஸ்டர்களின் மிக மோசமான நிலைக் கணிப்பு

பொருள்: படகுப் பற்றரிக் கட்-ஓஃப் பெட்டி, இரண்டாம் திருத்தம்
இடம்: திருகோணமலை, எங்கள் பட்டறை

இந்தக் கணிப்பை முதல் மூன்று பெட்டிகளைச் செய்வதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. திருக்கடலூர்ச் சம்மாட்டி ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, பற்றரி முழுச் சார்ஜ். கடலுக்குள்ள போய் லைற்றைப் போட்ட உடன அணைஞ்சு போகுது" என்றார். மற்ற இரண்டு பெட்டிகளும் ஒழுங்காக வேலை செய்தன. மூன்றிலும் ஒரே சுற்று, ஒரே புரோகிராம். அதனால் மென்பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு ரெசிஸ்டர்களைப் பார்த்தேன்.

சுற்று எளியது. பற்றரியின் பொசிற்றிவிலிருந்து R1 = 27k, அங்கிருந்து தரைக்கு R2 = 10k. இரண்டும் கால் வாற் காபன் பிலிம், கடைசி வளையம் பொன்னிறம், அதாவது ±5%. நடுப்புள்ளி ATmega328P-இன் ADC காலுக்குப் போகிறது. 10 பிற் ADC, ஒப்பு வோல்டேஜ் 7805 தரும் 5 வோல்ற். பற்றரி 11.8 வோல்றுக்குக் கீழே இறங்கினால் ரிலே விளக்கை அணைக்க வேண்டும்.

முதலில் R1-ஐ 20k ஆக வைக்கத்தான் யோசித்தேன், மூன்றில் ஒரு பங்கு என்றால் மனக்கணக்கு சுலபம். ஆனால் R1 5% குறைந்து R2 5% கூடினால் விகிதம் 0.356 ஆகிவிடும். என்ஜின் சார்ஜ் ஏற்றும்போது 14.4 வோல்ற் வந்தால் ADC காலில் 5.13 வோல்ற் நிற்கும். அளவு முட்டிப்போகும். அதனால் 27k.

k = R2 / (R1 + R2) = 10 / 37 = 0.2703

11.8 வோல்றில் நடுப்புள்ளி 3.19 வோல்ற், ADC எண்ணிக்கை 653. புரோகிராமில் எழுதிய எல்லை அதுதான்.

R1 கூடினால் k குறையும், R2 கூடினால் k கூடும். இடையில் எங்கும் திசை மாறாது. ஆகவே மோசமான நிலை நிச்சயமாக நான்கு மூலைகளில் ஒன்றில்தான் இருக்கும், நடுவில் தேட வேண்டியதில்லை. கணினியில் இப்படிப் போட்டேன்:

```python
t = 0.05
for a in (-t, t):
    for b in (-t, t):
        r1 = 27.0 * (1 + a)
        r2 = 10.0 * (1 + b)
        k = r2 / (r1 + r2)
        print(a, b, round(k, 4), round(3.1885 / k, 2))
```

இரண்டு ரெசிஸ்டர்களும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் k அசையாது, எல்லை 11.8-லேயே நிற்கும். ஒன்று மேலும் மற்றது கீழும் போனால்தான் வில்லங்கம். R1 குறைந்து R2 கூடினால் k = 0.2905, பெட்டி 10.98 வோல்றில் அணைக்கும். R1 கூடி R2 குறைந்தால் k = 0.2510, 12.70 வோல்றிலேயே அணைக்கும்.

விகிதத்தில் பிழை சுமார் +7.5%, −7.1%. "5% ரெசிஸ்டர் போட்டால் 5% பிழை" என்பது டிவைடருக்குப் பொருந்தாது. கைக்கணக்குக்கு 2 × t × (1 − k) போதும்: 2 × 5 × 0.73 = 7.3%. மேல் ரெசிஸ்டர் பெரிதாகப் பெரிதாக இது 10 வீதத்தை நோக்கிப் போகும்.

7 வீதம் என்று கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஈயப் பற்றரியில் அதற்கு என்ன அர்த்தம் என்று பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும் நிறைந்த பற்றரி சுமார் 12.7 வோல்ற். 11.8 என்றால் கிட்டத்தட்ட வெறுமை. நிறைவுக்கும் வெறுமைக்கும் இடையே 0.9 வோல்ற்தான். எங்கள் டிவைடரின் பிழை அகலமோ 10.98 முதல் 12.70 வரை, 1.72 வோல்ற். அளக்க வேண்டிய பொருளின் இரண்டு மடங்கு அளவுகோலே ஆடுகிறது. ஒரு ஓரத்தில் பற்றரி நாசம், மறு ஓரத்தில் நடுக்கடலில் இருட்டு.

7805-ஐயும் சேர்க்க வேண்டும். தரவுத்தாளில் 4.8 முதல் 5.2 வரை, அதாவது ±4%. அதையும் மோசமான பக்கமே வைத்தால் அணையும் எல்லை 10.54 முதல் 13.21 வரை விரியும்.

சம்மாட்டியின் பெட்டியில் ரெசிஸ்டர்களின் ஒரு காலைக் கழற்றி அளந்தேன். (சுற்றில் இருக்கும்போது மீற்றர் வைத்தால் மற்றத் தடைகளும் சேர்ந்து பொய் சொல்லும்.) R1 27.9k, R2 9.62k. முதலாவது +3.3%, இரண்டாவது −3.8%. இரண்டுமே பொன் வளையத்துக்குள்தான், கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 7805 தந்தது 5.07 வோல்ற். 653 × 5.07 / 1024 = 3.233, அதை 0.2564 ஆல் வகுத்தால் 12.61 வோல்ற். நிறைந்த பற்றரியும் விளக்கின் சுமையில் 12.5-க்கு இறங்கும். ரிலே சொன்னபடிதான் நடந்திருக்கிறது.

இரண்டு ரெசிஸ்டர்களும் ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கம் போவது அபூர்வம், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 5.2 வீதம்தானே என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். ஆயிரம் பெட்டி செய்து சில திரும்பி வந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு அந்தக் கணக்குச் சரி. நான் செய்வது இருபது பெட்டி, ஒவ்வொன்றும் கொட்பேயிலோ கிண்ணியாவிலோ ஒரு படகில் போகிறது. மூன்றாவது பெட்டியிலேயே அந்த அபூர்வத்தின் பக்கத்துக்கு வந்துவிட்டோம்.

1% மெற்றல் பிலிம் போட்டால் டிவைடரின் பங்கு 11.63 முதல் 11.97 வரை சுருங்கும். நல்லதுதான், ஆனால் 7805 அப்படியே இருப்பதால் மொத்தம் 11.16 முதல் 12.45. காசு கொடுத்தும் பாதி வழிதான். ஆகவே பெட்டிக்குப் பெட்டி அளவுதிருத்தம்: பவர் சப்ளையை 11.80-இல் வைத்து, உள்ளே உள்ள பொத்தானை அழுத்தி, அப்போது வரும் எண்ணிக்கையை EEPROM-இல் எழுதுவது. ஆரம்ப விலகல்கள் எல்லாம் அதோடு போய்விடும்.

மிச்சம் இருப்பது சூடு. வெயிலில் மூடிய பெட்டி 25-லிருந்து 65 டிகிரிக்குப் போகும் என்று எடுத்தேன். மெற்றல் பிலிம் 100 ppm என்று வைத்து இரண்டும் எதிர்ப்பக்கம் போனால் 0.07 வோல்ற். 7805 டிகிரிக்கு 1 மில்லிவோல்ற் என்றால் 0.09. ADC-யின் இரண்டு படி 0.04. மீற்றரின் 0.5% பிழை 0.06. கூட்டினால் ±0.26. அளவுதிருத்தம் செய்தும் காபன் பிலிமை விடாமல் வைத்திருக்கலாம், ஆனால் உப்புக் காற்றில் அது எவ்வளவு நகரும் என்று எண் போட என்னால் முடியாது. எண் போட முடியாததைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். இருபது சோடி மெற்றல் பிலிம் வாங்குகிறோம்.

மூல மின்தடை 27k, 10k சமாந்தரமாக 7.3k, ADC கேட்கும் 10k-க்குள். 15 வோல்றில் உச்ச நிலையிலும் ADC காலில் 4.36 வோல்ற், 7805 தாழ்ந்து 4.8 கொடுத்தாலும் முட்டாது. டிவைடர் உறிஞ்சுவது 0.34 மில்லியம்பியர், பற்றரிக்கு அது ஒரு பொருட்டல்ல.

தீர்மானம்: R1, R2 இரண்டும் 1% மெற்றல் பிலிம். ஒவ்வொரு பெட்டியும் ஒரே மீற்றரில் அளவுதிருத்தம். பட்டறைச் சூட்டில் 11.7-க்கும் 11.9-க்கும் இடையே அணையாத பெட்டி வெளியே போகாது. முன்பு கொடுத்த மூன்றையும் திருப்பி எடுக்கிறோம், நன்றாக வேலை செய்யும் இரண்டையும் சேர்த்து.