நத்தை குத்தி நாரை

வணக்கம் நிவேதா, நான் கார்த்திக். தாம்பரத்தில் இருக்கேன், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"மூணாவது போட்டோவில் இருக்கிற பறவை பேர் சொன்னா ஃபில்டர் காபி"ன்னு உங்க ப்ரொஃபைல்ல போட்டிருந்தீங்க. என் பதில் நத்தை குத்தி நாரை. முதல்ல மஞ்சள் மூக்கு நாரையோன்னு நினைச்சேன். ஆனா அதுக்கு அலகு மஞ்சளா, நுனி லேசா கீழே வளைஞ்சிருக்கும், வால் பக்கம் ரோஸ் நிற இறகு தெரியும். இதுல அது எதுவும் இல்லை. பெரிசாக்கிப் பார்த்தா அலகை மூடியிருக்கும்போதே நடுவில் ஒரு சந்து தெரியுது, பாக்குவெட்டி மாதிரி. அந்தச் சந்து குஞ்சுகளுக்கு இருக்காது, வளர வளரத்தான் வரும். அதனால உங்க படத்தில் இருக்கிறது பெரிய பறவைதான். பேர்தான் 'குத்தி', நத்தை ஓட்டை உடைக்கிறதில்லை. கீழ் அலகு நுனியை உள்ளே விட்டுச் சதையை மட்டும் உருவிடும்.

தப்புன்னா சொல்லுங்க, காபியை நான் வாங்கித் தர்றேன்.

இன்னொண்ணு. புது 10x50 பைனாகுலர்ல எல்லாம் ஆடுது, மங்கலா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. ஆட்டம் உங்க கைக் குத்தம் இல்லை. பத்து மடங்கு பெரிசாக்கும்போது கை நடுக்கத்தையும் பத்து மடங்காத்தான் காட்டும், 50 எம்எம் கண்ணாடி கனம் வேற. முழங்கை ரெண்டையும் நெஞ்சோட ஒட்டி வச்சுக்கோங்க, இல்லைன்னா கைப்பிடிச் சுவர்ல ஊன்றுங்க. மங்கலுக்கு, தூரத்தில் இருக்கிற ஒரு போர்டைப் பார்த்துக்கிட்டே வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்க. அப்புறம் இடது கண்ணை மூடி, வலது குழாயில் இருக்கிற சின்ன வளையத்தை மட்டும் திருப்புங்க. ஒரு தடவை சரி பண்ணிட்டா அதுக்கப்புறம் நடுச் சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடியோட பார்க்கிறீங்கன்னா கண் வைக்கிற ரப்பரை மடக்கி விட்டுடுங்க, இல்லைன்னா வட்டத்தோட ஓரம் கறுப்பா வெட்டும்.

வேடந்தாங்கல் இன்னும் போகலைன்னு பார்த்தேன். டிசம்பர், ஜனவரி நல்லா இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல போனீங்கன்னா இரை தேடப் போனதெல்லாம் கூட்டம் கூட்டமா மரத்துக்குத் திரும்பறதைப் பார்க்கலாம். கூட வரட்டுமான்னு இப்பவே கேக்கலை. ஒரு வார்த்தைகூட இன்னும் பேசாத ஆளை அவ்வளவு தூரம் தள்ளிக் கூப்பிடறது நியாயமில்லை!

கேக்க நினைச்சது ஒண்ணுதான்: அந்தப் படத்துல பின்னாடி பனைமரமும் நாத்து நட்ட வயலும் தெரியுதே, அது எந்த ஊர்ப் பக்கம்? நேரம் கிடைக்கும்போது சொல்லுங்க, அவசரம் இல்லை. பேச விருப்பமில்லைன்னாலும் பரவாயில்லை, திரும்பத் திரும்ப மெசேஜ் போட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்.