குறைப் பட்டியலும் ஒப்படைப்பு அறிக்கையும்: குன்னூர், முதல் தளம், வீடு எண் 7

கட்டடம்: தரைத்தளமும் முதல் தளமுமாக மூன்று பிளாக்குகள், மொத்தம் 12 வீடுகள்
வீடு: 2 படுக்கையறை, ஹால், சமையலறை, 2 குளியலறை, பால்கனி, 1,040 சதுர அடி
ஆய்வு நாட்கள்: 18-11-2025, 20-11-2025
முன்னிலை: வீட்டு உரிமையாளர், கட்டுநர் தரப்பு சைட் என்ஜினியர். ஆய்வு செய்தவர்: உரிமையாளர் நியமித்த சிவில் என்ஜினியர்
வானிலை: இரண்டு நாளும் விட்டுவிட்டு மழை, மாலையில் மூடுபனி

முடிவு

இன்றைய நிலையில் சாவி வாங்கக் கூடாது. பொதுக் குளியலறைத் தரை கசிகிறது. கிழக்குப் படுக்கையறை ஜன்னலடியில் தண்ணீர் உள்ளே வருகிறது. மின்கசிவு பாதுகாப்பு சரியாக இல்லை. இந்த மூன்றும், கீழே அ என்று குறித்த மற்ற குறைகளும் முடிந்து, மறு ஆய்வில் தேறிய பிறகே ஒப்படைப்பு. மற்ற வேலைகளில் பெரும்பகுதி நன்றாகவே இருக்கிறது. உள்சுவர்கள் தூக்குக்குச் சரியாக நிற்கின்றன, ஹால் டைல்ஸ் மட்டம் குறையில்லாதது.

வேலை வரிசை குறித்து கட்டுநருக்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள்: ஓதம் ஏறிய சுவருக்கு இப்போது பட்டியோ பெயின்டோ அடிக்கக் கூடாது. தண்ணீர் வரும் வழியை அடைத்து, சுவர் காய்ந்து, அதன் பிறகுதான் பெயின்டர் வர வேண்டும். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவர் உண்மையில் காய்வது ஜனவரி பிற்பாதிக்கு மேல்தான். அவசரப்பட்டு அடித்தால் அடுத்த மழைக்கே கொப்பளித்து உரியும்.

குறியீடு: அ என்றால் ஒப்படைப்புக்கு முன், ஆ என்றால் 05-12-2025க்குள், இ என்றால் பிப்ரவரி 2026இல், சுவர் காய்ந்த பின்.

பொதுக் குளியலறை

*வாட்டர்புரூஃபிங், டைல்ஸ்*

1. (அ) தரைக் கசிவு. தரைத் தண்ணீர் வடியும் வாயான ட்ராப்பை ரப்பர் அடைப்பானால் மூடி 25 மி.மீ. தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விடப்பட்டது. மட்டம் 9 மி.மீ. இறங்கியது. கதவும் வென்டிலேட்டரும் மூடியிருந்தன. இந்தக் குளிரிலும் ஈரத்திலும் ஆவியாகப் போவது 1 அல்லது 2 மி.மீ.க்கு மேல் இருக்காது. அடைப்பான் கசியவில்லை என்பது ட்ராப்பின் கீழ்க் குழாயைத் திறந்து பார்த்து உறுதி செய்யப்பட்டது. கீழ்வீட்டு ஹால் சீலிங்கில், ட்ராப் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே, ஓரடி அகலத்துக்கு ஈரக்கறை தெரிகிறது. ஸ்லாபில் துளை போட்டு ட்ராப் இறக்கியபோது சுற்றி வெறும் மணல் சிமென்ட் கலவையால் அடைத்திருக்கிறார்கள். அது காய்ந்து சுருங்கி, குழாயை விட்டு விலகியிருக்கிறது.

சரிசெய்யும் முறை: ட்ராப்பைச் சுற்றி 450 மி.மீ. அளவுக்கு டைல்ஸ் எடுக்கவும். பழைய அடைப்பை ஸ்லாப் வரை முழுதாகக் கொத்தி எடுத்து, சுருங்காத கிரவுட் ஊற்றவும். காய்ந்ததும் ட்ராப்பின் கழுத்து வரை பாலிமர் சிமென்ட் பூச்சு இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. பழைய பூச்சின் மேல் குறைந்தது 100 மி.மீ. ஏற வேண்டும். டைல்ஸ் ஒட்டுமுன் மீண்டும் 48 மணி நேர சோதனை. டைல்ஸ் ஒட்டிய பின் சோதித்தால் கசிவு எங்கிருந்து என்று தெரியாது, மறுபடி உடைக்க நேரும். மேலே கிரவுட் மட்டும் அடித்து முடிப்பதை ஏற்க இயலாது.

2. (அ) வாட்டம் தவறு. கதவுப் பக்கத்திலிருந்து ட்ராப் வரை 1.8 மீட்டரில் 7 மி.மீ. மட்டுமே இறக்கம் இருக்கிறது; 18 மி.மீ. வேண்டும். கம்மோடின் பின்மூலையில் தண்ணீர் தேங்குகிறது. முதல் குறைக்காக டைல்ஸ் எடுக்கும்போதே அந்த மூலையையும் சேர்த்து எடுத்து வாட்டம் திருத்தவும்.

3. (ஆ) ஷவர் பக்கச் சுவரில், தரையிலிருந்து மூன்றாவது வரிசையில் 4 டைல்ஸ் தட்டினால் பொக்குச் சத்தம். மாற்றவும்.

*பிளம்பிங்*

4. (அ) கீசரின் சேஃப்டி வால்வுக்கு வெளியேற்றுக் குழாய் இல்லை. சூடான தண்ணீர் நிற்பவர் மேல் கொட்டும். ட்ராப்பின் அருகே இறங்கும்படி குழாய் இழுக்கவும். நடுவே எந்த வால்வும் வைக்கக் கூடாது.

5. (ஆ) ட்ராப்பில் தேங்கும் நீர் 28 மி.மீ. ஆழமே. 50 மி.மீ. இல்லாவிட்டால் சாக்கடை வாடை ஏறும். முதல் குறை சரிசெய்யும்போது ட்ராப்பையே மாற்றுவது நல்லது.

*தச்சு*

6. (ஆ) கதவு கீழே உரசுகிறது. அடிவிளிம்பில் பிரைமர்கூட இல்லை, மரம் ஈரம் குடித்து 3 மி.மீ. உப்பியிருக்கிறது. உடனே இழைக்க வேண்டாம். நவம்பர் உப்பலுக்கு இழைத்தால் மார்ச்சில் இடைவெளி அதிகமாகிவிடும். கதவைக் கழற்றி உலர்ந்த இடத்தில் சாய்த்து, ஆறு பக்கமும் பிரைமர், எனாமல் அடித்த பின் தேவையான அளவு மட்டும் இழைத்து, இழைத்த இடத்துக்கு மீண்டும் பூசி மாட்டவும்.

கிழக்குப் படுக்கையறை

*ஜன்னல், கொத்து*

7. (அ) ஜன்னலடிச் சுவரில் ஓதம். ஈரமானி அறையின் உள்சுவரில் 11 காட்டுகிறது. ஜன்னலடியில் 27, தரையோரத்தில் 22. கருவி மரத்துக்கான அளவுகோலில் காட்டுவதால் சுவருக்கு இதை ஒப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளவும். மேலே ஈரம் அதிகம், கீழே போகப் போகக் குறைவு. ஆகவே தரையிலிருந்து ஏறும் ஓதமல்ல. ஜன்னல் வழியே இறங்கும் தண்ணீர்.

வெளியே பார்த்ததில் மூன்று தவறுகள் சேர்ந்திருக்கின்றன. யூபிவிசி ஃபிரேமின் அடியில் தண்ணீர் வெளியேறும் இரண்டு துளைகளையும் சிலிகான் போட்டு அடைத்திருக்கிறார்கள். ஜன்னலடிக் கல் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கல்லின் அடியில் நீர்சொட்டுக் காடி இல்லை, அதனால் தண்ணீர் சுவரோடு ஒட்டி வழிகிறது. சமவெளியிலிருந்து ஏறிவரும் வடகிழக்கு மழை நேராக இந்தச் சுவரில்தான் சாய்ந்து அடிக்கிறது. வீட்டின் தென்மேற்கு ஜன்னலிலும் கல் இப்படியேதான் உள்ளது. அங்கே இன்று ஈரம் இல்லை, ஜூன் மாதம் வரும்.

சரிசெய்யும் முறை: துளைகளைத் திறக்கவும். இரண்டு ஜன்னல்களிலும் கல்லை எடுத்து வெளிப்பக்கம் 10 மி.மீ. சாய்த்து, சுவரைத் தாண்டி 40 மி.மீ. நீட்டி, அடியில் 8 மி.மீ. காடி வெட்டிப் பதிக்கவும். கல்லுக்கும் ஃபிரேமுக்கும் இடையே வெளிப்பக்கம் வெதர் சிலிகான். பிறகு ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாக 15 நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்க்கவும்.

*தரை*

8. (ஆ) லேமினேட் மரத்தரை சுவரோடு ஒட்டிப் போடப்பட்டுள்ளது. ஈரத்தில் விரிய இடமில்லாமல் கட்டில் பக்கத்தில் ஓர் இணைப்பு மேலெழும்பி நிற்கிறது. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, சுற்றிலும் 10 மி.மீ. விட்டு அறுக்கவும். அடியில் பாலித்தீன் விரிப்பு போட்டிருக்கிறதா என்பதை அப்போது உரிமையாளர் முன்னிலையில் காட்டவும்.

*பெயின்ட்*

9. (இ) ஜன்னலடியில் உப்பு பூத்திருக்கிறது, மூலையில் பூஞ்சணம். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தேய்த்து எடுக்கவும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே இறங்கும். ஈரமானி 14க்குக் கீழே வந்த பின் பூஞ்சணக்கொல்லி, ஆல்கலி பிரைமர், பட்டி, பெயின்ட்.

மேற்குப் படுக்கையறையும் இணைந்த குளியலறையும்

இந்தக் குளியலறை 48 மணி நேர சோதனையில் தேறியது; இறங்கியது 1 மி.மீ.

10. (ஆ) அலமாரிக் கதவில் ஒரு கீலுக்கு இரண்டு திருகாணி குறைவு.
11. (ஆ) எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வெளிமூடி இல்லை. மூடுபனியும் பூச்சியும் உள்ளே வரும். தானாக மூடும் தகட்டு மூடி போடவும்.
12. (இ) சீலிங்கில் பட்டி ரோலர் தடம். ஒரு கோட் போதும்.

சமையலறை

13. (அ) சிலிண்டர் வைக்கும் அலமாரியில் காற்றுத்துளை இல்லை. சமையல் எரிவாயு காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே கதவின் மேல்பகுதியில் போட்டால் பயனில்லை. கீழே, தரையை ஒட்டி, 100 மி.மீ. சதுரத்தில் கிரில் வைக்கவும்.
14. (ஆ) சிங்க் ஓரத்தில் சிலிகான் பாதியில் நிற்கிறது. மேடைக்கு அடியில் பிளைவுட் நனைந்திருக்கிறது.
15. (ஆ) சிங்க் கழிவுக் குழாய் இணைப்பில் சொட்டு. வாஷர் மாற்றவும்.

ஹால், பால்கனி

16. (ஆ) பால்கனி வாட்டம் சரி, ஆனால் கதவுப்படிக்கும் பால்கனித் தரைக்கும் 15 மி.மீ. உயரமே உள்ளது. வடிகால் இலையால் அடைத்தால் தண்ணீர் ஹாலுக்குள் வரும். சுவரில் 50 மி.மீ. விட்டத்தில் இரண்டாவதாக ஒரு நீர்ப்போக்கு வைக்கவும்.
17. (ஆ) கைப்பிடிக் கம்பியின் வெல்டிங் மூன்று இடத்தில் துரு. தேய்த்து ஜிங்க் பிரைமர், இரண்டு கோட் எனாமல்.
18. (ஆ) முதன்மைக் கதவின் மேல் தாழ்ப்பாள் துளைக்கு நேராக விழவில்லை.

மின்வேலை, வீடு முழுதும்

19. (அ) மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி 100 மில்லிஆம்பியர் உடையது. மனிதரைக் காக்க 30 மில்லிஆம்பியர் வேண்டும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறது என்பதால் இதைச் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொத்தான் கருவி வேலை செய்வதை மட்டுமே காட்டும்.
20. (அ) இரண்டு கீசர் லைன்களுக்கும் 2.5 சதுர மி.மீ. வயர், ஆனால் 32 ஆம்பியர் எம்சிபி. வயர் சூடேறினாலும் எம்சிபி விழாது. 2,000 வாட் கீசர் இழுப்பது 9 ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் எம்சிபி போடவும்.
21. (அ) பொதுக் குளியலறை கீசர் பிளக்கில் எர்த் வயர் இணைக்கப்படவில்லை.
22. (அ) எர்த் தடை 7.8 ஓம், ஒப்பந்தப்படி 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். மண் ஊறியிருக்கும் நவம்பரிலேயே இவ்வளவு என்றால் பிப்ரவரியில் கூடும். இரண்டாவது எர்த் குழி எடுத்து இணைத்து, பிப்ரவரியில் மீண்டும் அளந்து எழுதித் தரவும்.
23. (ஆ) ஹாலில் ஒரு 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியுள்ளன.

கூரை

24. (ஆ) ஷீட் கூரையின் மழைநீர் வாய்க்காலுக்கு வாட்டம் இல்லை. சில்வர் ஓக் இலை நிரம்பி நிற்கிறது. தாங்கிகளை வடிகுழாய் பக்கம் இறக்கி மாட்டி, குழாய் வாயில் வலை வைக்கவும்.
25. (ஆ) 11 திருகாணிகளில் ரப்பர் வாஷர் நசுங்கியோ இல்லாமலோ இருக்கிறது.

ஒப்படைப்பு விவரம்

மின்மீட்டர் அளவு 20-11-2025 அன்று 142 யூனிட். முதன்மைக் கதவுச் சாவி 3, உள்கதவுச் சாவி 8, மீட்டர் பெட்டிச் சாவி 1. இவை கட்டுநரிடமே உள்ளன. விற்பனை ஒப்பந்த நகல், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கீசர் உத்தரவாத அட்டைகள் பெறப்பட்டன. கட்டட நிறைவுச் சான்று, வாட்டர்புரூஃபிங் உத்தரவாதம், குழாயும் வயரும் உண்மையில் போன வழியைக் காட்டும் வரைபடம் ஆகிய மூன்றும் வரவில்லை. குழாய் வரைபடம் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் யாரும் இந்தச் சுவர்களில் ஆணி அடிக்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கும்.

அ வகைக் குறைகள் முடிந்ததும் 08-12-2025 அன்று மறு ஆய்வு. தேறினால் 12-12-2025 அன்று சாவி. இறுதித் தவணையில் ஒப்புக்கொண்டபடி 5 சதவீதம், இ வகை வேலைகளும் பிப்ரவரி எர்த் அளவும் முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3) படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரிவிக்கும் கட்டுமானக் குறைகளை 30 நாளுக்குள் செலவு கேட்காமல் கட்டுநர் சரிசெய்ய வேண்டும். இந்தப் பட்டியலில் கையெழுத்திடுவதால் அந்த உரிமை குறையாது.

கீழ்வீட்டு சீலிங் கறையையும் கட்டுநரே காய்ந்த பின் பெயின்ட் அடித்துத் தருவதாக சைட் என்ஜினியர் ஒப்புக்கொண்டார். மூன்று பிரதிகள் எடுக்கப்பட்டு, எல்லாப் பக்கங்களிலும் மூவரும் 20-11-2025 மாலை கையெழுத்திட்டனர்.