என்ன கறி?

அம்மா குவைத்தில் இருந்த காலத்தில் தொலைபேசியில் விடாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "இண்டைக்கு என்ன கறி?" பள்ளிக்கூடம், காய்ச்சல், அப்பாவின் வேலை என்று எதில் தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். குவைத்துக்கும் எங்களுக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். எங்களுக்கு இரவு பத்து மணி தாண்டிய பிறகுதான் அவருக்குக் கை ஓயும். தம்பி தூங்கி வழிவான். அம்மம்மா என்னைத் தட்டி எழுப்பி போனைக் காதில் வைப்பார், வைக்கும்போதே மெதுவாகச் சொல்லித் தருவார்: "மீன் எண்டு சொல்லு."

அன்றைக்குப் பருப்பும் சம்பலும்தான் என்றாலும் மீன் என்பேன். என்ன மீன் என்று அம்மா கேட்பார். பாரை என்பேன், சூரை என்பேன், வாயில் வந்ததைச் சொல்வேன். இவ்வளவு தூரத்தில் இருந்து கூப்பிட்டுக் கறியையா கேட்பார்கள் என்று எனக்கு எரிச்சல் வரும். பதின்மூன்று வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் எரிச்சல் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பக்கத்து ஆட்கள். 2006 ஏப்ரலில் ஷெல்லும் குண்டும் விழத் தொடங்க, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அப்பாவுக்கு இருந்ததெல்லாம் வயலும் மாடுகளும். இரண்டும் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். உப்புவெளியில் அம்மம்மாவின் வீட்டு விறாந்தையில் வந்து ஒதுங்கியபோது, மாடு பார்த்த மனிதன் திருகோணமலை டவுனில் மூட்டை தூக்கப் போனார். கிடைத்த நாளில் கூலி, கிடைக்காத நாளில் கடன். 2008இல் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினார். எனக்குப் பதின்மூன்று, தம்பிக்கு நாலு.

போன அன்று அழுதேனா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதன் பிறகு வந்த கோபம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கோபத்துக்கு அம்மா அனுப்பிய பெட்டிகளும் உதவின. டாங் தூள், சோப்புக்கட்டிகள், புலிப் படம் போட்ட கம்பளி. திருகோணமலை வெக்கைக்குக் கம்பளி! அம்மம்மா அதை மடித்து அலுமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். வகுப்பில் பிள்ளைகள் என் பென்சில் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அதில் பெருமையும் இருந்தது, அந்தப் பெருமையை நினைத்தால் அம்மா மேலேயே கோபமும் வந்தது.

நான் பெரியபிள்ளையானபோது அம்மா இல்லை. முதல் ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் கிடந்தன, விடமாட்டார்கள். சாமத்தியச் சடங்கைத் தள்ளிப்போட அம்மம்மா சம்மதிக்கவில்லை. செலவு முழுக்க அம்மாவின் காசு. தண்ணீர் வார்த்தது மாமி, மாலை போட்டது சின்னம்மா. அல்பம் வந்ததும் புரட்டினால், குடும்பப் படம் இருந்த பக்கத்தில் அம்மா எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஸ்டூடியோக்காரர், அம்மாவின் பாஸ்போர்ட் படத்தில் இருந்து முகத்தை வெட்டி, யாரோ ஒருத்தியின் பச்சைச் சேலை உடம்பில் பொருத்தியிருந்தார். கழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது. எல்லாரும் சிரிக்கும் படத்தில் அம்மா மட்டும் குடிவரவு அதிகாரியைப் பார்ப்பது மாதிரி நேரே முறைத்துக்கொண்டிருந்தார். இந்த வேலை அம்மம்மா சொல்லிச் செய்வித்தது. கூடுதல் காசும் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் பசை வைத்து முன்பக்கத்தோடு ஒட்டிவிட்டேன்.

அம்மா விடுமுறையில் வந்தபோது முதல் வேலையாக அல்பத்தைத்தான் கேட்டார். ஒட்டியிருந்த இரண்டு தாளையும் ஆவியில் காட்டி, நகத்தால் நுள்ளி நுள்ளிப் பிரித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலையைப் பார்த்து, "பச்சை எனக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்றார். திட்டியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன். தம்பி அந்த விடுமுறை முழுக்க அம்மாவை "அவ" என்றான், அம்மம்மாவை "அம்மா" என்றான். அம்மாவின் கைப்பையில் ஒரு குவைத்துச் சிறுவனின் படம் இருந்தது. தம்பி வயதுதான் இருக்கும். அந்தப் படத்துக்காக நான் சண்டை பிடித்தேன். "அவனும் பிள்ளைதானே" என்றதோடு அம்மா நிறுத்திக்கொண்டார். அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் முழுசாகச் செரிக்கவில்லை. பெற்றவர்களின் கஷ்டம் புரிந்துவிட்டால் கோபமெல்லாம் கரைந்துவிடும் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. புரிவது ஒரு பக்கம் நடக்கும், கோபம் தன் பாட்டுக்கு இருக்கும்.

அம்மா திரும்பவும் போனார். அவர் அனுப்பிய காசில் நான் உயர்தரம் படித்தேன், கிழக்குப் பல்கலைக்கழகம் போனேன். 2015, 2016இல் சம்பூர்க் காணிகளைக் கட்டம் கட்டமாக விட்டார்கள். வீடு கட்ட வேண்டும் என்று அம்மா ஒரேயடியாக வந்து சேர்ந்தார்.

எனக்கு 2020இல் பட்டதாரி நியமனம் கிடைத்தது. ஒரு பிரதேச செயலகத்தில் போட்டார்கள். கொஞ்ச நாளில் என் மேசைக்கு வந்த வேலை, வெளிநாடு போகும் பெண்களுக்கான குடும்பப் பின்னணி அறிக்கை. 2013இல் வந்த நடைமுறை அது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்பது அப்போதைய விதி. மூத்த பிள்ளைகள் என்றால், அவர்களை யார் பார்ப்பது என்று காட்ட வேண்டும். வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதுகிறவள் நான். தகப்பன் வெளிநாடு போனால் இப்படி ஒரு அறிக்கையை யாரும் கேட்பதில்லை. (2022இல் நாடு டொலருக்குத் திண்டாடியபோது அந்த வயதுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். பிள்ளைகளின் நலன் திடீரென்று மாறிவிட்டதா என்று கேட்க ஆள் இல்லை.)

அம்மா போனபோது தம்பிக்கு நாலு வயது. இந்த விதி 2008இல் இருந்திருந்தால் அம்மா போயிருக்க முடியாது. சின்ன வயதில் நான் கோணேசருக்கு வைத்த நேர்த்தியெல்லாம் ஏறக்குறைய அதுதான்: யாராவது அம்மாவைப் போகவிடாமல் தடுக்க வேண்டும். தடுக்கிற கதிரையில் இப்போது நானே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் காசில் படித்துத்தான் அந்தக் கதிரைக்கு வந்தேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு நாள் விசாரணைக்குப் போன வீட்டில் ஒரு பெண், வயது முப்பத்தைந்துக்குள். கணவர் கடலுக்குப் போகிறவர், திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி கதவுநிலையைப் பிடித்தபடி என் கோவையையே முறைத்துக்கொண்டிருந்தாள். பராமரிப்பவர் பெயருக்கு அம்மம்மாவின் பெயரைச் சொன்னார்கள். படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றை நான் கேட்டேன்: "ஏன், அவர் போகலாமே?" கேட்டது அதிகாரி இல்லை, பதின்மூன்று வயதுக்காரி.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அவர் போறதெண்டால் ஏஜென்சிக்கு லட்சக்கணக்கில கட்டோணும் தங்கச்சி. நான் போனால் அவங்கள்தான் எனக்குத் தருவாங்கள்."

கணக்கு அவ்வளவுதான். ஆண்கள் விசாவுக்குக் கடன் பட்டுப் போக வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் செலவை அந்தப் பக்கமே ஏற்கும், பல நேரம் கையில் முற்பணமும் வரும். எதுவும் இல்லாமல் விறாந்தையில் ஒதுங்கியிருந்த ஒரு குடும்பத்தில் காசில்லாமல் வெளியே போகக்கூடிய ஒரே ஆள் அம்மா. அப்பாவைவிட அம்மாவுக்கு எங்கள் மேல் பாசம் குறைவு என்று நான் வருடக்கணக்காகக் கட்டி வைத்திருந்த கதைக்கு அங்கே வேலை இல்லை. அம்மாவுக்கு வந்த முற்பணம் எங்கே போனது என்று அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். அம்மம்மாவின் சங்கிலி அடைவில் இருந்ததாம், அதை மீட்டு, கடைக் கடனை அடைத்ததாம். மிச்சத்தில் எனக்குச் சப்பாத்து வாங்கினாராம். எனக்கு அந்தச் சப்பாத்து நினைவில்லை.

அந்தப் பெண்ணின் அறிக்கையில் சிபாரிசு எழுதினேன். சரியா பிழையா என்று அந்தச் சிறுமிதான் ஒருநாள் சொல்ல வேண்டும்.

கறி விஷயம் அதற்கும் பிறகுதான் தெரிந்தது. அம்மம்மாவின் திவசத்துக்குச் சமைக்கும்போது, மீன் என்று பொய் சொன்ன கதையைச் சிரிப்புக்காக எடுத்தேன். அம்மா கத்தரிக்காயை வெட்டியபடியே, "எனக்குத் தெரியும்" என்றார். அனுப்பிய காசு வங்கிக்கு வந்ததா, வந்தது வீட்டுக்குள் வந்ததா, இல்லை வட்டிக்காரனிடம் போனதா என்று நேரே கேட்டால் அம்மம்மா சொல்லமாட்டார். அதனால்தான் கறியைக் கேட்டிருக்கிறார். இரண்டு கிழமை தொடர்ந்து நான் என்ன மீன் என்று தடுமாறினால் வீட்டில் மீன் இல்லை. உடனே வேலை செய்த வீட்டு மேடத்திடம் அடுத்த மாதச் சம்பளத்தில் முன்கூட்டிக் கேட்பார். "மாரி காலத்தில நீ சூரை சூரை எண்டு சொன்னாய், கடல் அடிக்கேக்க ஆர் சூரை பிடிச்சது?" நான் கத்தரிக்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதமாதிரி புளி கரைத்தார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று பல தடவை வாயெடுத்திருக்கிறேன். அம்மாவிடம் அது எடுபடாது. "இப்ப என்னத்துக்கு அந்தக் கதை" என்று கோழிக்குத் தீவனம் போடப் போய்விடுவார். குவைத்தைப் பற்றி நேரே கேட்டாலும் அதே கதைதான். சமைக்கும்போது மட்டும் வாய் திறக்கும். அதிலும் காய்ந்த எலுமிச்சங்காய் போட்டு, அரபிக்காரர் செய்கிற மச்பூஸ் சோறு சமைக்கிற நாளில் நிறையவே திறக்கும். அந்த எலுமிச்சங்காயை அம்மா இங்கேயே உப்பில் அவித்து வெயிலில் காய வைக்கிறார். சந்தைக்குப் போகும்போது அதற்கென்று எலுமிச்சம்பழம் நானே வாங்கிவருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயம் உரிக்கும் சாட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். முதல் வீட்டுக் கதை முடிந்துவிட்டது. போன கிழமை இரண்டாவது வீட்டில் காணாமல்போன மோதிரமும் அதற்காக அம்மாவின் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்ததும் வரை வந்திருக்கிறோம். மோதிரம் எங்கே கிடந்தது என்று சொல்லவரும்போது சோறு அடிப்பிடித்துவிட்டது. இந்தக் கிழமை தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். இறைச்சி அவன் வாங்கி வருவான்.