நிர்வாக இயக்குநர், பின்னலாடை ஏற்றுமதி, திருப்பூர்

நூல் வாங்குவது முதல் பெட்டி கட்டி அனுப்புவது வரை எல்லாவற்றையும் தானே செய்யும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு 2016 முதல் நிர்வாக இயக்குநராக இருக்கிறேன். 1994இல் இங்கே செக்கிங் பிரிவில் சேர்ந்தேன். அப்புறம் மெர்ச்சண்டைசிங், சாயப் பிரிவு, நிதி எனப் பல பொறுப்புகள்.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, எங்கள் சாயப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றிக் காலம் தள்ளலாம். இல்லையென்றால் கழிவுநீர் சொட்டுகூட வெளியே போகாத முறைக்கு முழுசாக மாறலாம். இரண்டாவதைப் பரிந்துரைத்தேன், போர்டு ஏற்றது. அதை ஓடவைத்தவர்கள் சுத்திகரிப்பு நிலையத்து ஆபரேட்டர்கள்தான். மீட்டெடுத்த உப்புக்கரைசலைத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்தினால் ஷேடு மாறுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஒவ்வொரு லாட்டாகப் பார்த்து அந்தப் பயத்தைப் போக்கியது அவர்கள். ஆவியாக்கிக்கு ஆகும் செலவு இன்றும் பெரிய சுமை. ஆனாலும் சாயக் கழிவுநீர் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகள் பட்டதை நேரில் பார்த்தவளுக்கு அந்தச் செலவு வீண் என்று தோன்றாது.

2019 முதல் கோவையில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நூற்பாலையில் சுயேச்சை இயக்குநர். தணிக்கைக் குழுவின் தலைவர். நியமனத்துக்கு முன்பே அந்த ஆலையில் எங்கள் நிறுவனம் நூல் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. பஞ்சு விலை ஏறி இறங்கும் தொழில் இது. ஆகவே கணக்கில் முதலில் நான் புரட்டுவது சரக்கிருப்பு மதிப்பீட்டுப் பக்கத்தை. நிர்வாகத்தினர் இல்லாமல் சுயேச்சை இயக்குநர்கள் மட்டும் கூட வேண்டிய ஆண்டுக் கூட்டத்தைச் சடங்காக நடத்தவிடுவதில்லை. இது தவிர, பெண் தொழிலாளர் விடுதி நடத்தும் ஓர் அறக்கட்டளையில் அறங்காவலர்.

டெலிவரி தேதிக்குச் சரி சொல்லும் முன் லைன் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தில் விதி. அவர் முடியாது என்றால் பையரிடம் பேசி அவகாசம் வாங்குவது என் வேலை. ஒடிசா, பீகாரிலிருந்து வந்த டெய்லர்கள் நிறையப் பேர் என்பதால் சம்பளச் சீட்டும் பாதுகாப்பு அறிவிப்புகளும் ஒடியாவிலும் இந்தியிலும் தருகிறோம். பாலியல் தொல்லை குறித்த உள் புகார்க் குழுவின் அறிக்கை நேராகப் போர்டுக்கு வருகிறது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பருத்தியையே பெரிதும் நம்பியிருக்கும் நாங்கள், செயற்கை இழை விளையாட்டு உடைகளுக்கும் மாற வேண்டிய நேரம் இது. தொழிலாளருக்குப் பயிற்சி கொடுத்து முடித்த பிறகே புதிய மெஷின் என்ற வரிசையில் போகிறோம்.

இன்னும் ஒரு போர்டுக்கு மட்டுமே நேரம் ஒதுக்க முடியும். நீர் மறுசுழற்சி அல்லது தொழிலாளர் நலன் சார்ந்த நிறுவனம் என்றால் பேச விருப்பம்.