தென்காசிக் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு: வழி, வேன் நேரம், வண்டி நிறுத்தும் இடம்

அன்புள்ள சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், பெண்ணின் சித்தப்பா எழுதுவது. அழைப்பிதழில் இடமும் நேரமும் இருக்கின்றன. ஆனால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் ஒரு வாரமாகப் போன் செய்து ஒரே கேள்விகளைக் கேட்கிறீர்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். போகிற வழியில் படிக்க வேண்டாம், கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள்.

நிச்சயதார்த்தமும் வரவேற்பும் ஆகஸ்ட் 22 சனிக்கிழமை மாலை 6.30க்கு. முகூர்த்தம் 23 ஞாயிறு காலை 7.30 முதல் 9.00. மண்டபம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், மேலகரத்தில்.

முதலில் முக்கியமான விஷயம். இது குற்றால சீசன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி நகராது. போதாக்குறைக்கு ஓணத்துக்கு மூன்று நாள்தான் இருக்கும். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் புளியரை வழியாகக் கேரளாவுக்கு வரிசையாகப் போகும். மூன்று கிலோமீட்டர்தானே, பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தால் தாலி கட்டி முடிந்து பந்தியில்தான் உட்காருவீர்கள். என் பெரிய மகள் கல்யாணத்தில் என் சொந்த மச்சினருக்கே இப்படி ஆனது. மேளச் சத்தம் அவர் காதில் விழுந்தது, கார்தான் நகரவில்லை.

ரயிலில் வருபவர்கள்

சென்னையிலிருந்து பொதிகைதான் வசதி. வெள்ளி இரவு எழும்பூரில் ஏறினால் சனி காலை தென்காசி ஜங்ஷன். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். சீசன் வார இறுதி என்பதால் திறந்த அன்றே போட்டுவிடுங்கள், தட்கலை நம்ப வேண்டாம். தூங்கிவிட்டீர்கள் என்றாலும் பாதகமில்லை, அடுத்து செங்கோட்டையோடு அந்த ரயில் நின்றுவிடும், எட்டு கிலோமீட்டர் திரும்பி வந்தால் போதும். கொல்லம் எக்ஸ்பிரஸில் வருபவர்கள்தான் அலாரம் வைக்க வேண்டும். அது விடிவதற்கு முன்பே தென்காசிக்கு வந்துவிடும். விட்டால் மலையேறிப் புனலூர் பக்கம் போய்விடுவீர்கள்.

கோவை, பெங்களூர்க்காரர்கள் நாகர்கோவில் போகும் இரவு ரயிலில் ஏறித் திருநெல்வேலியில் இறங்குங்கள். சனி காலை 7 மணிக்கு ஜங்ஷன் வாசலில் ஒரு வேன் நிற்கும். அதைத் தவறவிட்டால் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் போங்கள், அங்கே தென்காசி பஸ் அடிக்கடி உண்டு. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக ஒன்றரை மணி நேரம் ஆகும். திருநெல்வேலி – செங்கோட்டை பாசஞ்சரில் வந்தால் அம்பாசமுத்திரம் வழியாக வரும். மெதுவான ரயில், ஆனால் ஜன்னலோரம் கிடைத்தால் மலையைப் பார்த்துக்கொண்டே வரலாம். கீழப்புலியூர் என்று ஒரு நிலையம் வரும். ஊர் வந்துவிட்டது என்று அங்கே இறங்கிவிடாதீர்கள், அதற்கு அடுத்ததுதான் தென்காசி.

தென்காசி ஸ்டேஷனில் எங்கள் வேன் சனி காலை ஐந்து மணியிலிருந்து பதினொரு மணி வரை நிற்கும். ஒவ்வொரு ரயில் வந்ததும் இருபது நிமிடம் பொறுத்துக் கிளம்பும். கண்ணாடியில் மஞ்சள் தாளில் 'பெண் வீட்டார்' என்று எழுதியிருக்கும். டிரைவர்களிடம் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. உங்களுக்கு அறை எங்கே என்று அவர்களே சொல்வார்கள். நீங்கள் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

விமானம்

மதுரை, தூத்துக்குடி, திருவனந்தபுரம் மூன்றும் எட்டும் தூரம்தான். தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டரை மணி நேரம், சாலை நேரானது, குழந்தைகள் வருவதாக இருந்தால் இதுதான் என் யோசனை. மதுரையிலிருந்து மூன்றரை மணி நேரம். திருவனந்தபுரம் மதுரையைவிடத் தூரம் குறைவு, ஆனால் குளத்தூப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று முழுக்க மலைப் பாதை. வளைவில் வயிற்றைப் பிரட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம். விமான நிலையத்துக்கு நாங்கள் வண்டி அனுப்பவில்லை. வயதானவர்கள் தனியாக வந்தால் மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறேன்.

சொந்தக் காரில் வருபவர்கள்

சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் திருமங்கலம் வரை நால்வழிச் சாலை. கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் திண்டுக்கல் வழியாக வந்து அதே சாலையில் சேர்ந்துகொள்வீர்கள். திருமங்கலத்தில்தான் கவனம் வேண்டும். அங்கே ராஜபாளையம், கொல்லம் என்று பலகை போட்டிருக்கும் வழியில் பிரிய வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் நேராகப் போய்விட்டால் விருதுநகர் வந்துவிடும். பதற வேண்டாம், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர வழி உண்டு.

திருமங்கலத்துக்கு அப்புறம் தே. கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. இந்தத் தூரத்தை நால்வழிச் சாலைக் கணக்கில் போடாதீர்கள். ஒவ்வொரு ஊரும் சாலையின் இரண்டு பக்கமும் கடையாகத்தான் இருக்கும். ராஜபாளையத்தைத் தாண்டவே அரை மணி ஆனாலும் ஆச்சரியமில்லை. சென்னையிலிருந்து சாப்பிட, டீ குடிக்க நின்றதையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சனி மாலை விழாவுக்கு வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையே கிளம்பி மதுரையில் தங்கிவிட்டு வாருங்கள். ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வருவது எனக்குப் பிடிக்காத விஷயம். புளியங்குடியில் எலுமிச்சை மலிவாகக் கிடைக்கும், வாங்குவதென்றால் திரும்பும்போது வாங்குங்கள்.

தென்காசிக்குள் நுழைந்ததும் போனில் வரும் வரைபடத்தை அணைத்துவிடுங்கள். அது குறுக்கு வழி என்று கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளுக்குள் இழுத்துக்கொண்டு போகும். காசி விஸ்வநாதர் கோபுரம் எட்டத்தில் தெரிந்தால் சரியான பாதை. நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டால் வழி தவறிவிட்டீர்கள் என்று அர்த்தம். யாரிடமும் 'குற்றாலம் ரோடு' என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். அந்தச் சாலையில் மேலகரம் வந்ததும் இடது பக்கம் வாழைமரம் கட்டிய வளைவு, சீரியல் பல்பு.

வண்டி நிறுத்தும் இடம்

மண்டபத்து வாசலில் பன்னிரண்டு கார்தான் நிற்கும். அதை மாப்பிள்ளை வீட்டு வண்டிகளுக்கும், நடக்க முடியாதவர்களை ஏற்றிவரும் வண்டிகளுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். தாத்தா பாட்டியை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு முந்நூறு அடி தள்ளி இருக்கும் எங்கள் அண்ணன் தென்னந்தோப்புக்குப் போங்கள். அறுபது கார் நிற்கும். செம்மண் தரைதான், அதில் கிராவல் அடித்துக் கெட்டிப்படுத்தியிருக்கிறோம். அப்படியும் சாரல் பலமாக இருந்தால் ஓரமெல்லாம் சேறாகிவிடும், கயிறு கட்டிய பகுதிக்குள்ளேயே நிறுத்துங்கள். காய் விழும் மரங்களுக்கு அடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. அதையும் மீறி நிறுத்தினால் கண்ணாடிக்கு நான் பொறுப்பில்லை.

தோப்பில் இரண்டு பையன்கள் டார்ச்சோடு நிற்பார்கள். மண்டபத்துக்கு நடக்கக் குடை வைத்திருக்கிறோம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பஸ் பிடித்துக் கூட்டமாக வருகிறவர்களுக்கு எதிர்ச்சாரியில் பழைய அரிசி மில்லின் நெல் களம். தோப்புக்குள் பஸ் திரும்பாது. சாலையோரத்தில் மட்டும் யாரும் நிறுத்த வேண்டாம், சீசனில் போலீஸார் பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

வேன் நேரம்

அறைகள் இரண்டு இடங்களில்: குற்றாலத்தில் ஐந்தருவி சாலை விடுதி, தென்காசியில் புதிய பேருந்து நிலையம் அருகே உள்ள விடுதி. இரண்டு வேன், ஒரு மினி பஸ்.

சனி மாலை மண்டபத்துக்கு
குற்றாலத்திலிருந்து: 5.00, 5.45, 6.15
தென்காசியிலிருந்து: 5.15, 6.00, 6.30
இரவு திரும்ப: 8.45, 9.30, 10.30

ஞாயிறு காலை மண்டபத்துக்கு
குற்றாலத்திலிருந்து: 5.15, 5.45, 6.15
தென்காசியிலிருந்து: 5.30, 6.00, 6.40

ஞாயிறு காலை கடைசி வண்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும். யாருக்காகவும் நிற்காது, என் வீட்டுக்காரிக்காகவும் நிற்காது என்று அவளிடமே சொல்லிவிட்டேன். பட்டுப்புடவை கட்ட நேரம் வேண்டியவர்கள் முந்தைய நாளே மடிப்பு வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வருகிறவர்களுக்கு ஐந்தரை மணியிலிருந்து மண்டபத்தில் காபி உண்டு, டிபன் ஆறு மணிக்கு. காரில் வந்து குற்றாலத்தில் தங்குகிறவர்களும் ஞாயிறு காலை காரை விடுதியிலேயே விட்டுவிட்டு வேனில் வாருங்கள். சாலை முனையில் போலீஸார் எந்த நேரமும் ஒருவழியாக மாற்றலாம். உள்ளூர் டிரைவர்களுக்குச் சந்து பொந்து தெரியும்.

மதியம் திரும்பும் வேன்கள் 11.30 முதல் 2.30 வரை அரை மணிக்கு ஒன்று. மாலை பொதிகையில் திரும்புகிறவர்களுக்கு 4.45க்கு இரண்டு விடுதிகளிலிருந்தும் ஸ்டேஷன் வண்டி. சீக்கிரம்தான், தெரியும். அந்த நேரம் அருவியிலிருந்து திரும்பும் கூட்டம் முழுக்க சாலையில் இருக்கும்.

அருவிக்குப் போக வேண்டும் என்று எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். சனி காலை 9.30க்கு இரண்டு விடுதிகளிலிருந்தும் ஐந்தருவிக்கு வேன், 12.30க்குத் திரும்பும். மேலே மழை பெய்து தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள், அப்போது வாதாட வேண்டாம். சோப்பு, ஷாம்பூவுக்கு அனுமதி இல்லை. நகையைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு வாருங்கள். ஞாயிறு காலை 'ஒரு முங்கு போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்' என்ற பேச்சே வேண்டாம்.

திங்கள் மதியம் தென்காசி வீட்டில் மறுவீடு, சொதிச் சாப்பாடு. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் இரண்டு விடுதிகளிலிருந்தும் 11.45க்கு வேனில் வரலாம். வீட்டுத் தெருவில் கார் நுழையாது, அதனால் அன்றும் வேன்தான். எத்தனை பேர் என்று மட்டும் ஆகஸ்ட் 16க்குள் சொல்லிவிடுங்கள், தேங்காய்ப் பால் எடுக்கக் கணக்கு வேண்டும்.

வழியில் ஏதாவது சிக்கல் என்றால் அழைப்பிதழின் பின்பக்கம் இருக்கும் இரண்டாவது எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அது என்னுடையது. முதல் எண் பெண்ணின் அப்பாவுடையது, அன்று அவர் போனை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
பெண்ணின் சித்தப்பா, மேலகரம்