நானூற்று எண்பது ரூபாய்

ராணிப்பேட்டை டேனரியில் ஷிப்ட் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். ஆபீஸ் ரூமில் மட்டும் லைட் எரிந்தது. மார்ச் கணக்கை முடித்து ஆடிட்டருக்கு அனுப்பியாக வேண்டும். கோமதி சில்லறைச் செலவு பில்களை ஒவ்வொன்றாக நீவி, டேலியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

டீ செலவு, ஆட்டோ, ஜெராக்ஸ். நடுநடுவே ஏற்றுகூலி 480. மறுபடி 480. இன்னும் நாலு பில் தள்ளி அதே 480.

ஐந்நூறுக்குள் இருந்தால் முதலாளி கையெழுத்து தேவையில்லை, சூப்பர்வைசர் போட்டாலே போதும். இங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

480 பில்களை மட்டும் தனியாக எடுத்து அடுக்கினாள். இருபத்து மூன்று. பில் நம்பர் 41-இல் தொடங்கி 63 வரை, நடுவில் ஒன்றுகூட விடவில்லை. மூன்று மாசமாக இந்த பில்களைப் போட்ட மேஸ்திரி வேறு எந்தக் கம்பெனிக்கும் பில் கிழிக்கவில்லையா?

கசங்கலும் சரியில்லை. லோடுமேன் தரும் பில் சட்டைப்பையில் நாலாய் மடிந்து, வேர்வையில் ஊறி, மடிப்பில் கிழியப் பார்க்கும். தோல் வாடை அடிக்கும். இவற்றில் மடிப்பே இல்லை. கையில் உருட்டிக் கசக்கிப் பிரித்த தாள்.

தேதிகளைப் பார்த்தாள். ஒன்றில் 16-01 என்றிருந்தது. கேட் ரிஜிஸ்டரை வாங்கிவர வெளியே போனாள்.

"இன்னும் கெளம்பலியாம்மா? வேலூர் பஸ்ஸு போய்டும்" என்றார் வாட்ச்மேன்.

"தாத்தா, மாட்டுப்பொங்கல் அன்னிக்கு லாரி ஏதாவது வந்துச்சா?"

"அன்னிக்கு ஈ காக்கா இல்லம்மா. நான் ஒர்த்தன்தான் குந்திகினு இருந்தேன்."

ரிஜிஸ்டரும் அதையே சொன்னது. இருபத்து மூன்று தேதிகளில் ஒன்றிலும் லாரி நம்பர் பதிவாகவில்லை.

மொத்தம் 11,040 ரூபாய். கம்பெனிக்கு அது ஒரு தொகையே இல்லை. ஆனால் போன மாசம் லோடுமேன்கள் இதே ரூமில் நின்று லோடுக்கு இருபது ரூபாய் கூட்டிக் கேட்டார்கள். "ஏற்றுகூலியே எகிறிப்போச்சு" என்று முதலாளி அனுப்பிவிட்டார். அவர் பார்த்துச் சொன்ன கணக்கு இவள் அடித்துக் கொடுத்ததுதான். ஈரத் தோல் கட்டைத் தோளில் சுமக்கிறவன் கூலியை இந்தத் தாள்கள் தின்றிருக்கின்றன. அவளுக்கு வயிறு எரிந்தது.

செல்போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"ஏத்திட்டியாம்மா எல்லாம்?"

"ஏற்றுகூலி பில்லு மட்டும் நிக்குதுண்ணா. அந்த மேஸ்திரியைக் காலையில கூட்டிகினு வாங்க."

"சின்ன பில்லுக்கெல்லாம் எதுக்கும்மா? போட்டு முடி."

"முதலாளி எதிர்லயே கேட்டுக்கலாம்ண்ணா."

இருபத்து மூன்றையும் ஏற்றுகூலியிலிருந்து எடுத்து, விவரம் தெளியும்வரை நிறுத்திவைக்கிற சஸ்பென்ஸ் கணக்கில் போட்டாள். விவரத்தில், "அன்று லாரி வரவில்லை, கேட் ரிஜிஸ்டர் பார்க்கவும்" என்று அடித்தாள். பில்களைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் தேதியோடு கையெழுத்துப் போட்டு, பீரோவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.